விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டுக் கணக்கைப் போடுங்கள்

வார இறுதிக் கணித வகுப்புகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கும் தொண்டூழிய ஆசிரியர்களுக்கும் பெற்றோர் குழுக்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். சனிக்கிழமை காலையில் புளோக்கின் கீழ்த்தளத்து அறையில் நாற்காலிகளை விரித்துப் போட்டு, தொடக்கநிலை ஐந்து, ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பல ஆண்டுகளாகத் தாள் தயாரித்தும் வருகிறேன். அதனால் இதை ஒரு புகார் மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் வரும் முதல் தவறு என்னுடையது.

சென்ற ஆண்டு, பி.எஸ்.எல்.இ.க்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு தாள் கொடுத்தோம். திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் தாளில் பதினான்காம் கேள்விக்கு விடை 30 என்று இருந்தது. விடைக்குறிப்பிலும் 30. சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியவள், தாள் அந்த இடத்தில் கசங்கி, அழிரப்பர் தேய்த்துக் கொஞ்சம் மெலிந்திருந்ததால் நின்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் 60 என்று எழுதி அழித்திருந்தாள். பக்கத்தில் அவள் போட்ட மாடல் கட்டங்கள் அழிபடாமல் இருந்தன. ஐந்து கட்டம், இரண்டு கட்டம், நடுவில் பாதியாகப் பிரித்த ஒரு கோடு. அந்தக் கட்டங்களிலிருந்து 60தான் வரும், 30 வராது.

கூப்பிட்டுக் கேட்டேன். "பக்கத்துல இருந்த அண்ணன் 30ன்னு சொன்னாங்க டீச்சர். அவங்ககிட்ட ஆன்சர் ஷீட் இருந்துச்சு" என்றாள். சரியாகப் போட்ட கணக்கை எங்கள் விடைக்குறிப்பை நம்பி அழித்திருக்கிறாள். அன்று அந்தக் கேள்விக்கு 60 என்று எழுதிய மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏற்கெனவே சிவப்பு மையில் தவறு போட்டாயிற்று.

கேள்வி இதுதான். குமாரிடம் இருந்த ஸ்டிக்கர்களுக்கும் வெய் மிங்கிடம் இருந்த ஸ்டிக்கர்களுக்கும் விகிதம் 5 : 2. குமார் 18 ஸ்டிக்கர்களை வெய் மிங்கிடம் கொடுத்த பிறகு இருவரிடமும் சம எண்ணிக்கை. முதலில் குமாரிடம் எத்தனை இருந்தன?

முந்தைய ஆண்டின் தாளில் இதே கேள்வி 5 : 3 என்று இருந்தது. வித்தியாசம் 2 யூனிட், அதில் பாதி 1 யூனிட், அது 18, எனவே குமாரிடம் 90. அழகான கணக்கு. ஆனால் பழைய தாள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது, பிள்ளைகள் 90 என்று மனப்பாடமாகவே சொன்னார்கள். அதனால் இரவு பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து 3ஐ 2 ஆக்கினேன். விடைக்குறிப்பில் இப்படி எழுதினேன்:

```
3 யூனிட் = 18
1 யூனிட் = 6
5 யூனிட் = 30
```

5க்கும் 2க்கும் வித்தியாசம் 3 யூனிட், சரிதான். ஆனால் குமார் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்டிக்கரும் இடைவெளியை இரண்டு குறைக்கும். அவனிடம் ஒன்று குறைகிறது, இவனிடம் ஒன்று கூடுகிறது. எனவே கொடுத்த 18 என்பது வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒன்றரை யூனிட். பழைய கேள்வியில் பாதி ஒரு முழு யூனிட்டாக வந்ததால் அந்தப் படி கண்ணை உறுத்தவில்லை. புதிய எண்ணில் அது ஒன்றரை ஆகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் அரை யூனிட்டைப் பிடிக்காத கை நேராக 3க்குப் போய்விட்டது. சரியான கணக்கு: 1.5 யூனிட் 18 என்றால் 1 யூனிட் 12, குமாரிடம் 60.

என் விடைக்குறிப்பின் மூன்று வரிகளையும் இன்னொரு முறை பாருங்கள். 18ஐ மூன்றால் வகுத்தால் 6, சரி. ஐந்தால் பெருக்கினால் 30, சரி. வகுத்தலிலோ பெருக்கலிலோ பிழையே இல்லை. இந்தத் தாளை எனக்குப் பிறகு மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் படித்தார்கள். படித்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. எழுதியிருக்கும் வழியிலேயே மனம் நடந்து போய் எழுதியிருக்கும் இடத்திலேயே நிற்கும். நாம் "செக் பண்ணியாச்சு" என்று சொல்வதில் முக்கால்வாசி இந்த வகைதான்.

ஆனால் விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டிருந்தால் பத்து விநாடியில் பிடிபட்டிருக்கும். குமாரிடம் 30 என்றால் வெய் மிங்கிடம் 12. 18ஐக் கொடுத்த பிறகு குமாரிடம் 12, வெய் மிங்கிடம் 30. சமமாகவில்லை, இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். 60ஐப் போட்டுப் பாருங்கள். 60, 24. கொடுத்த பிறகு 42, 42.

நான் கேட்பது இதைத்தான். எந்தத் தாளும் வெளியே போகும் முன், அதைத் தயாரிக்காத ஒருவர், விடைக்குறிப்பைப் பார்க்காமல், எல்லாக் கேள்விகளையும் மாணவர் போல உட்கார்ந்து போட வேண்டும். சந்தேகமான கேள்விகளை மட்டும் போட்டால் போதாது. என் பதினான்காம் கேள்வியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பல ஆண்டுகளாகப் புழங்கிய கேள்வி என்பதால்தான் வரவில்லை.

செய்முறையில் இது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்களும் முதலில் அரைகுறையாகச் செய்து மறுபடி மாட்டிக்கொண்டோம்.

தாளை அனுப்பும்போது விடைக்குறிப்பு வேறு கோப்பாக இருக்க வேண்டும். ஒரே கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தால், மனிதர் என்ன நினைத்தாலும் கண் அங்கே போகும். போடுபவர் மாணவர் பயன்படுத்தும் சாமான்களோடு உட்கார வேண்டும். முதல் தாள் என்றால் கால்குலேட்டர் கிடையாது. இரண்டாம் தாள் என்றால் உண்டு. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் முதல் தாளில் ஒரு கேள்வி 17ஆல் வகுக்கச் சொல்கிறது என்பது கால்குலேட்டரைத் தட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. கையால் போடுகிறவர் அந்த இடத்தில் மூச்சு வாங்குவார். மேலே தொடங்கிய நேரம், கீழே முடித்த நேரம் எழுத வேண்டும். வழிமுறை தாளிலேயே இருக்க வேண்டும், மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதக் கூடாது. பிறகு இரண்டு விடைகள் மோதும்போது எங்கே பிரிந்தார்கள் என்று பார்க்க அந்த வழிமுறை வேண்டும்.

போட்டு முடித்த பிறகு ஒப்பிடுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் கேள்வி எண்ணையும் விடையையும் வாசிக்க, மற்றவர் விடைக்குறிப்பில் பார்க்கலாம். நான்கு தெரிவு உள்ள கேள்வி என்றால் தெரிவு எண்ணையும் மதிப்பையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். "மூன்று" என்று சொன்னால் போதாது, "மூன்றாவது தெரிவு, 45 டிகிரி" என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் தெரிவுகள் (1), (2), (3), (4) என்று எண்ணாக இருப்பதால் இன்னொரு குழப்பமும் உண்டு. விடை 3 என்றால் மூன்றாவது தெரிவா, மூன்று என்ற விடையா? ஒருமுறை விடை 3 ஆப்பிள், அது இருந்தது இரண்டாவது தெரிவில். விடைக்குறிப்பில் 3 என்று மட்டும் இருந்தது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உண்மையிலேயே கடினமான இடத்துக்கு வருகிறேன். விடைகள் மோதினால் என்ன செய்வது?

அந்தப் பதினான்காம் கேள்வி வெளியான பிறகு, தாளைப் பார்த்த மூன்று பேரில் ஒரு தம்பி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தவன், கணக்கில் கெட்டி. "அக்கா, உண்மையைச் சொல்றேன். நான் அந்தக் கணக்கைப் போட்டேன். எனக்கு 60 வந்துச்சு. ஆன்சர் கீல 30ன்னு இருந்துச்சு. நீங்க போட்டது தப்பா இருக்காதுன்னு நினைச்சு விட்டுட்டேன்."

இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எங்கள் குழுவில் வயதும் அனுபவமும் விடைக்குறிப்பின் பக்கம் நின்றிருந்தன. ஒரு இளைஞன் சரியான விடையை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லத் தயங்கும்படி நாங்கள் வைத்திருந்தோம். நம்மிடையே மூத்தவர்களை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற பழக்கம் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குத் தாளில் அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். விடை மோதினால், யார் சரி என்று பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனியாக மறுபடி போட வேண்டும். பேச ஆரம்பித்துவிட்டால் உரக்கப் பேசுகிறவர் ஜெயித்துவிடுவார். மறுபடி போடும்போது முதல் தடவை போட்ட வழியில் போடக் கூடாது. பதினான்காம் கேள்வியை யூனிட் வித்தியாசமாகப் போட்டவர், இரண்டாவது தடவை மொத்தத்தை வைத்துப் போட வேண்டும். மொத்தம் 7 யூனிட், அது மாறுவதில்லை. கடைசியில் ஆளுக்கு 3.5 யூனிட். குமார் 5லிருந்து 3.5க்கு இறங்கினான், அதுவே 18. இப்படிப் போட்டால் மூன்றால் வகுக்கும் பள்ளத்தில் விழவே வழியில்லை. அதன் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் கேள்வியின் வாசகத்தைப் பாருங்கள். இருவரும் சரியாகப் போட்டிருப்பார்கள், கேள்வி இரண்டு பொருள் தருவதாக இருக்கும். எங்கள் அனுபவத்தில் மோதல்களில் கணிசமானவை இந்த வகைதான். "மீதியில் கால் பங்கு" என்பதற்குப் பதில் "கால் பங்கு" என்று எழுதியிருப்போம். அப்போது விடையைத் திருத்திப் பயனில்லை, கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

இன்னொரு வகைப் பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் அது கடந்த சில ஆண்டுகளாக எல்லாருடைய பழைய தாள்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023 ஜனவரி 1 அன்று 8 ஆகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 ஆகவும் உயர்ந்தது. விழுக்காட்டுக் கணக்குகளில் பாதி இந்த வரியைச் சுற்றித்தான். ஆகவே எல்லோரும் பழைய தாளைத் திறந்து 7ஐ அழித்து 9 போட்டோம்.

எங்களிடம் இருந்த ஒரு கேள்வி: வரியோடு சேர்த்து ஒரு மின்விசிறியின் விலை 160 வெள்ளி 50 காசு. வரி 7 விழுக்காடு. வரிக்கு முந்திய விலை என்ன? 107 விழுக்காடு 160.50 என்றால் 1 விழுக்காடு 1.50, எனவே 150 வெள்ளி. ஒருவர் இதில் 7ஐ 9 ஆக்கினார். 160.50ஐ மாற்றவில்லை. விடைக்குறிப்பில் 150 அப்படியே இருந்தது.

இதை விடைக்குறிப்பில்லாமல் போட்ட தாயார் ஒருவர் (கணக்கர் வேலை பார்ப்பவர், அதனால் காசு விஷயத்தில் மூக்கில் வேர்க்கும்) 160.50ஐ 109ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினார். 147.2477 என்று நீண்டுகொண்டே போனது. "அக்கா, எந்தக் கடைக்காரன் இப்படி விலை வைப்பான்?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அசிங்கமான எண் வந்தால் நிற்க வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். தொடக்கநிலைத் தாள்களில் எண்கள் ஒருவர் கையால் தேர்ந்தெடுத்தவை. விடை ஒழுங்காக முடியவில்லை என்றால், ஒன்று நாம் தவறாகப் போட்டிருக்கிறோம், அல்லது யாரோ ஓர் எண்ணை மாற்றிவிட்டு அதன் துணை எண்ணை மாற்ற மறந்திருக்கிறார். 163 வெள்ளி 50 காசு என்று திருத்தியதும் 150 ஒழுங்காக வந்தது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான எண் வந்தால் சரி என்று பொருளில்லை. என் 30 ஒழுங்கான எண்தான்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் புதிதாக எழுதிய கேள்வி எதுவும் இல்லை. நன்றாக இருந்த கேள்வியில் ஓர் எண்ணைத் தொட்டோம். தொட்ட பிறகு கேள்வி புதியது ஆகிவிடுகிறது, நம் மனத்தில் மட்டும் அது பழையதாகவே இருக்கிறது. அதனால் என் வேண்டுகோளில் ஒரு சின்ன நிபந்தனையும் உண்டு. ஒருவர் தாளைப் போட்டு ஒத்துப் பார்த்து முடித்த பிறகு யாராவது எதையாவது மாற்றினால், எண், படம், அலகு, தெரிவுகளின் வரிசை, எதுவானாலும், அந்தக் கேள்வியை மறுபடி ஒருவர் போட வேண்டும். அச்சுக்குப் போகும் முன் இரவில் "பார்க்க நன்றாக இருக்கட்டும்" என்று தெரிவுகளை ஏறுவரிசையில் அடுக்குகிறவர்கள் நம்மிடம் உண்டு. நல்ல எண்ணம்தான். விடைக்குறிப்பில் (2) என்று இருந்தது அந்த ஒரு நொடியில் பொய்யாகிவிடுகிறது.

சரி, இத்தனையும் செய்தால் எல்லாப் பிழையும் பிடிபடுமா? பிடிபடாது. இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் இன்னொரு தாளில் ஒரு செங்கோண முக்கோணம் இருந்தது. மிக நீண்ட பக்கம் 10 செ.மீ. செங்கோண மூலையிலிருந்து அந்தப் பக்கத்துக்குச் செங்குத்து உயரம் 6 செ.மீ. பரப்பளவு என்ன? விடைக்குறிப்பு 30. முதலில் போட்டவருக்கு 30. இரண்டாவதாகப் போட்டவருக்கும் 30. பத்தில் பாதி ஐந்து, ஐந்து ஆறு முப்பது. மூன்று பேரும் ஒத்துப்போனோம். தாள் போயிற்று.

கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் போடும் ஓர் அப்பா, மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அந்தப் படத்தை அளவோடு வரைய உட்கார்ந்தார். 10 செ.மீ. கோடு போட்டார். 6 செ.மீ. உயரத்தில் மூலையை வைத்தார். செங்கோணம் வரவில்லை. மூலையை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார். வரவே இல்லை. வராது. 10 செ.மீ. கோட்டை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் வரைந்தால், செங்கோணம் அமையக்கூடிய புள்ளிகள் எல்லாம் அந்த வளைவின் மேல்தான் இருக்கும். வளைவின் உச்சி ஆரத்தின் அளவு, 5 செ.மீ. ஆறு செ.மீ. உயரத்தில் அப்படி ஒரு மூலை இந்த உலகத்தில் கிடையாது. நாங்கள் மூன்று பேரும் இல்லாத ஒரு முக்கோணத்துக்குப் பரப்பளவு கண்டுபிடித்திருந்தோம். உயரத்தை 4.8 என்று மாற்றினோம். அப்போது மற்ற இரண்டு பக்கங்கள் 6, 8 ஆகி, பரப்பளவு 24 ஆகிறது.

தனித்தனியாகப் போட்டவர்கள் ஒரே வாய்பாட்டை ஒரே அவசரத்தில் பிடித்தால், தனித்தனி என்பது பெயருக்குத்தான். இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 1982 மே மாதம் ஒரு கேள்வி வந்தது. ஒரு சிறிய வட்டம், அதைப் போல மூன்று மடங்கு ஆரமுள்ள பெரிய வட்டத்தின் மேல் உருண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், சிறிய வட்டம் தன்னைத் தானே எத்தனை முறை சுற்றும்? சுற்றளவு மூன்று மடங்கு, எனவே 3 என்று விடைக்குறிப்பு சொன்னது. சரியான விடை 4. கொடுத்த ஐந்து தெரிவுகளில் 4 இல்லவே இல்லை. சுமார் 3 லட்சம் மாணவர்கள் எழுதிய தேர்வு. தவறைச் சுட்டிக்காட்டி எழுதியவர்கள் மூன்று மாணவர்கள். பிறகு மதிப்பெண்ணைத் திருத்திக் கணக்கிட்டார்கள். நம்பவில்லை என்றால் இரண்டு 50 காசு நாணயங்களை மேசையில் வைத்து ஒன்றை அசைக்காமல் மற்றதை அதன் ஓரமாகவே உருட்டிப் பாருங்கள். ஒரே அளவு நாணயம், ஒரு முறை சுற்றும் என்று தோன்றும். இரண்டு முறை சுற்றும்.

ஆகவே இரண்டாவதாகப் போடுகிறவரிடம் நாங்கள் இப்போது ஒரு வேலை கூடுதலாகக் கேட்கிறோம். படம் உள்ள கேள்வி என்றால் அளவுகோலும் கவராயமும் வைத்து அளவோடு வரைந்து பார்க்க வேண்டும். தாளில் "படம் அளவுப்படி இல்லை" என்று போட்டிருக்கலாம், அது பிள்ளைகளுக்கு. படம் அளவுப்படி வரையக்கூடியதாவது இருக்க வேண்டும் அல்லவா. படம் இல்லாத கேள்வி என்றால் விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட வேண்டும். கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. எங்களுக்கும் இல்லை. ஒன்றரை மணி நேரத் தாளைப் போட ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஒப்பிடப் பதினைந்து நிமிடம். மாதம் ஒரு தாள் என்றால் மாதம் ஒரு மாலைப் பொழுது. ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் நம் பழைய மாணவர்களே நன்றாகப் போடுகிறார்கள். சொல்லப்போனால் அவர்கள்தான் நல்லது, கேள்வி கேட்டவர் என்ன நினைத்திருப்பார் என்று அவர்களுக்கு ஊகிக்கத் தெரியாது, எழுதியிருப்பதைத்தான் போடுவார்கள். எல்லாத் தாளையும் செய்ய முடியாது என்றால் தாள்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரம் ஒரு தாள் கொடுத்துக்கொண்டிருந்த நாங்கள் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான் கொடுக்கிறோம். ஒரு பெற்றோர் கூட முறையிடவில்லை.

போன பிறகு தவறு தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். "கேள்வி 14, விடை 60, மன்னிக்கவும்" என்று குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய கோப்பு அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், அடுத்த ஆண்டு வேறொரு குழுவின் தாளில் அதே 30ஓடு முளைக்கும். கோப்பின் பெயரிலேயே திருத்திய தேதியைப் போட்டு மறுபடி அனுப்புங்கள். திருத்திய தாள்களைத் திரும்ப வாங்கி மதிப்பெண்ணை மாற்றுங்கள். நாங்கள் அப்படி வாங்கியபோது, பதினான்காம் கேள்விக்கு 60 என்று சரியாக எழுதித் தவறு வாங்கிய பிள்ளைகளில் இரண்டு பேர், தாளின் ஓரத்தில் 3 யூனிட் = 18 என்று நான்கைந்து தடவை எழுதிப் பழகியிருந்தார்கள். வீட்டுத் திருத்த வேலையாம். அந்த வழியை அவர்கள் மனத்திலிருந்து எடுக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆயிற்று.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. நம் வட்டாரத்திலேயே ஐந்தாறு குழுக்கள் தாள் தயாரிக்கிறோம். என் தாளை நான் போட்டால் என் கண்ணில் படாது, உங்கள் தாளை நீங்கள் போட்டாலும் அப்படியே. மாற்றிக்கொள்வோம். உங்கள் அடுத்த தாளை எனக்கு அனுப்புங்கள், நானோ எங்கள் பிள்ளைகளில் ஒருவரோ ஒரு வாரத்துக்குள் போட்டு, வழிமுறையோடு படமெடுத்துத் திருப்பி அனுப்புகிறோம். எங்கள் தாள் உங்களுக்கு வரும். அடுத்தது வட்டத்தின் பரப்பளவு பற்றியது, எண்களை நான்தான் மாற்றியிருக்கிறேன், அதனால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் போடுங்கள். ஒன்றே ஒன்று, அனுப்பும்போது விடைக்குறிப்பை மறந்துகூட இணைத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்டாலும் எங்களுடையதை நான் தர மாட்டேன்.

அன்புடன்,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை ஒருத்தி